தொட்டி எப்போது காலியாகும்?

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ அடிக்குழாயைத் திறந்துவிட்டவர்கள் எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு. பாதித் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று துடைப்பமும் கையுமாகப் போய் நின்றால், கணுக்கால் அளவுத் தண்ணீர் வடிவதற்குள் பொறுமை போய்விடும்.

ஒரு கணக்கு போடுவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டர் உள்ள சிமென்ட் தொட்டி. நிரம்பினால் 1000 லிட்டர். அடியில் 1 சதுர செ.மீ. பரப்புள்ள ஓட்டை, சுமார் சுண்டுவிரல் தடிமன். நிரம்பிய தொட்டியில் ஓட்டையைத் திறக்கிறோம். 35 நிமிடத்தில் பாதி வடிந்துவிடுகிறது. முழுவதும் வடிய எவ்வளவு நேரம் ஆகும்?

கேட்டவர்களில் பலர் 70 நிமிடம் என்பார்கள். கொஞ்சம் யோசிப்பவர்கள், கடைசியில் மெதுவாகத்தானே வரும் என்று 80 அல்லது 90 சொல்வார்கள். விடை ஏறத்தாழ 120 நிமிடம்.

இந்த 120 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த அத்தியாயம். ஆனால் விடையைவிட, அதற்குப் போகும் வழியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் நமக்கு அக்கறை. சமன்பாட்டைப் பார்த்ததும் தீர்க்க உட்காராமல், இது எந்த வகை என்று முதலில் கேட்பது கணிதக்காரர்களின் பழக்கம். வரிசை என்ன, படி என்ன, நேரியலா இல்லையா? பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்விகளாக மட்டும் வந்துபோகும் இந்த மூன்றும் உண்மையில் மூன்று வெவ்வேறு சங்கதிகளைச் சொல்கின்றன.

## ஓட்டை வழியே வரும் விதி

கலிலியோவின் கடைசி மாதங்களில் அவருடன் இருந்து உதவியவர் எவாஞ்சலிஸ்டா டொரிசெல்லி. 1644-இல் வெளியான தன் நூலில் அவர் ஒரு விதியைச் சொன்னார். தொட்டியின் ஓட்டையிலிருந்து பீறிடும் நீரின் வேகம், நீர்மட்டத்தின் உயரத்திலிருந்து தடையின்றி விழும் ஒரு பொருள் அடையும் வேகத்துக்குச் சமம். விழும் பொருளின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே மட்டம் நான்கில் ஒரு பங்கானால் வேகம் பாதியாகும்.

நம் தொட்டியில் 1 மீட்டர் நீர் இருக்கும்போது இந்த வேகம் நொடிக்கு 4.43 மீட்டர். அப்படியே கணக்கிட்டால் தொட்டி 75 நிமிடத்தில் காலியாக வேண்டும். ஆனால் நடைமுறையில் அப்படி ஆவதில்லை. ஓட்டையை நோக்கிப் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வரும் நீர் விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல் உள்நோக்கிக் குறுகுகிறது. கூரான விளிம்புள்ள ஓட்டையில் உண்மையான நீரோட்டம் கணக்கிட்டதில் சுமார் 0.62 பங்குதான். அதையும் சேர்த்தால் 75 நிமிடம் 120-ஐ ஒட்டி நீண்டுவிடுகிறது.

இந்தத் தொட்டிக்கான விதியைச் சொல்லிலேயே எழுதிவிடலாம்: மட்டம் செ.மீ. கணக்கில் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தை 6-ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்பது கிடைக்கும். மட்டம் 100 என்றால் வர்க்கமூலம் 10. நிமிடத்துக்குச் சுமார் 1.67 செ.மீ. மட்டம் 1 என்றால் நிமிடத்துக்கு ஒரு செ.மீட்டரில் ஆறில் ஒரு பங்கு.

ஓர் அளவையும் அது மாறும் வேகத்தையும் இப்படிப் பிணைக்கும் விதிக்கு வகைக்கெழுச் சமன்பாடு என்று பெயர். அதைத் தீர்ப்பது என்றால், வேகத்தைச் சொல்லும் விதியிலிருந்து ஒவ்வொரு நிமிடத்துக்கும் உரிய மட்டத்தைக் கண்டுபிடிப்பது. டொரிசெல்லிக்கு இந்தக் கருவி கிடையாது. லைப்னிட்ஸ் நுண்கணிதத்தை அச்சில் வெளியிட்டது 1684-இல்தான்.

## வரிசை: தொடக்கத்தில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மேலே எறிந்த ஒரு கல் அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று சொல்ல, அது இப்போது எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்த வேகத்தில், எந்தப் பக்கம் போகிறது என்பதும் வேண்டும். கல்லைக் கட்டுப்படுத்தும் விதி வேகத்தைப் பற்றியதல்ல, வேகம் எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியது. மாற்றத்தின் மாற்றம் அதில் வருகிறது. அதனால் அது இரண்டாம் வரிசை.

தொட்டி அப்படியில்லை. மட்டத்தை அளந்துவிட்டால் வேகத்தை விதியே சொல்லிவிடும். விதியில் வருவது ஒரே ஒரு மாற்ற வேகம், எனவே முதல் வரிசை. தொடக்கத்தில் ஒரே ஓர் அளவைக் கொடுத்தால் போதும்: திறக்கும்போது மட்டம் 100 செ.மீ.

வரிசை தெரிந்ததும் முறைகளில் பாதி கழிந்துவிடும். முதல் வரிசைச் சமன்பாட்டுக்கு என்று சில முறைகள் இருக்கின்றன, அவற்றுக்குள் தேடினால் போதும். அதில் எது என்பதை அடுத்த கேள்விதான் சொல்லும்.

## நேரியலா? இரண்டு மடங்கு சோதனை

சமன்பாட்டில் தெரியாத அளவும் அதன் மாற்ற வேகங்களும் வெறுமனே ஒரு மாறிலியாலோ நேரத்தைப் பொறுத்த அளவாலோ பெருக்கப்பட்டு, ஒன்றோடொன்று கூட்டப்பட்டு மட்டும் வந்தால் அது நேரியல் சமன்பாடு. வர்க்கமோ வர்க்கமூலமோ ஒன்றை ஒன்று பெருக்குவதோ வந்தால் நேரியல் அல்ல.

இந்த இலக்கணத்தை மனப்பாடம் செய்வதைவிட ஒரு சோதனையைப் பார்த்துவிடுவது நல்லது. அதே தொட்டியின் ஓட்டையில் இறுக்கமாக மணலை அடைத்துவிடுவோம். இப்போது நீர் பீறிடாது, கசியும். மணல் வழியே மெதுவாகக் கசியும் நீரின் அளவு மட்டத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று 1856-இல் பிரான்சின் தீஜோன் நகரக் குடிநீர்ப் பணிகள் பற்றிய அறிக்கையில் ஆன்றி டார்சி காட்டினார். இங்கே வர்க்கமூலம் இல்லை, ஆகவே நேரியல்.

மணல் அடைத்த தொட்டி ஒரு மணி நேரத்தில் 100-லிருந்து 50-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே அடிப்பரப்போடு 2 மீட்டர் உயரத் தொட்டி கட்டி நிரப்பினால்? ஒரு மணி நேரத்தில் 200 சரியாக 100 ஆகும். தொடக்கத்தை இரட்டித்தால் எல்லா நேரத்திலும் மட்டம் இரட்டிக்கும். ஒரு தொட்டியைத் தீர்த்துவிட்டால் எல்லா உயரத் தொட்டிகளையும் தீர்த்த மாதிரிதான். பெரிய தொட்டியோ சிறியதோ, பாதியாவதற்கு ஒரே நேரம். அடுத்த மணியில் அதிலும் பாதி, பிறகு அதிலும் பாதி. கணக்கின்படி இந்தத் தொட்டி ஒருநாளும் முழுதாக வற்றாது.

வெறும் ஓட்டையில் இதே சோதனையைச் செய்தால் தோற்றுப்போகும். 1 மீட்டர் தொட்டி ஒரு மணி நேரத்தில் 25 செ.மீ. ஆகிறது (எப்படி என்பது அடுத்த பகுதியில்). நேரியலாக இருந்தால் 2 மீட்டர் தொட்டி 50-இல் நிற்க வேண்டும். உண்மையில் நிற்பது ஏறக்குறைய 84-இல்.

ஆகவே நம் தொட்டிக்கு முழு முகவரி: முதல் வரிசை, நேரியல் அல்லாதது. நேரியல் சமன்பாடுகளுக்கென்றே உள்ள தொகையீட்டுக் காரணி முறையை எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் வேறொரு வசதி கண்ணில் படுகிறது. விதியில் மட்டம் மட்டும்தான் வருகிறது, கடிகாரத்தில் மணி எத்தனை என்பது வரவில்லை. மட்டம் சம்பந்தப்பட்டதை ஒரு பக்கமும் நேரத்தை மறு பக்கமும் ஒதுக்கிவிடலாம். இதற்குப் பெயர் மாறிகளைப் பிரித்தல்.

## பிரித்துப் போட்ட கணக்கு

தண்ணீரை மெல்லிய ஏடுகளாக, ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. தடிமன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏடு இறங்க ஆகும் நேரம், அந்த மட்டத்தில் உள்ள வேகத்தின் தலைகீழ். மேல் ஏடுகள் சீக்கிரம் போகும், அடி ஏடுகள் தாமதிக்கும். எல்லா ஏடுகளின் நேரங்களையும் கூட்டினால் மொத்த நேரம். பிரித்தல் என்ற முறை செய்வது இந்தக் கூட்டலைத்தான்.

கூட்டிப் பார்த்தால் அழகான ஒன்று வெளிப்படுகிறது. மட்டம் சீராக இறங்கவில்லை, ஆனால் மட்டத்தின் வர்க்கமூலம் சீராக இறங்குகிறது. 10-இல் தொடங்கி, 12 நிமிடத்துக்கு ஒன்று வீதம் குறைந்து, 120-ஆவது நிமிடத்தில் சுழியைத் தொடுகிறது. அதை வர்க்கப்படுத்தினால் 12 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் இப்படி நிற்கும்: 100, 81, 64, 49, 36, 25, 16, 9, 4, 1, 0.

முதல் 12 நிமிடத்தில் 19 செ.மீ. போய்விட்டது. கடைசி 12 நிமிடத்தில் போனது வெறும் 1 செ.மீ. பாதி நேரம் கழிந்தபோது முக்கால்வாசித் தண்ணீர் வெளியேறிவிட்டது. மணல் தொட்டியைப் போலன்றி இது குறித்த நேரத்தில் காலியாகிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் இதைச் சோதிக்கலாம். நேரான பக்கங்கள் உள்ள பாட்டிலாகப் பார்த்து, கீழே ஆணியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, ஓட்டையிலிருந்து மேல்நோக்கி அளவுகோலை ஒட்டி, சம இடைவெளியில் மட்டத்தைக் குறியுங்கள். மூடியைக் கழற்றிவிட வேண்டும். மூடியிருந்தால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து கணக்கே மாறிவிடும். குறித்த எண்களின் வர்க்கமூலங்கள் சமமாகக் குறைந்தால் அது டொரிசெல்லியின் ஓட்டை. ஒவ்வோர் எண்ணும் முந்தையதில் ஒரே பங்காகக் குறைந்தால் அது மணல் வகை. வகை தெரியாத வடிகாலின் வகையை இப்படி அளந்தே கண்டுபிடிக்கலாம். கடைசி இரண்டு மூன்று செ.மீ. எண்களை மட்டும் நம்ப வேண்டாம். ஓட்டையின் அகலத்தோடு ஒப்பிடும்படி ஆழம் குறைந்தால் சுழல் உண்டாகிக் காற்றை இழுக்கும், பிறகு சொட்டத் தொடங்கும். நம் விதி அதற்கானதல்ல.

## படி: வேகத்துக்கு எத்தனை விடை?

இதுவரை படியைத் தொடவில்லை. மாற்ற வேகங்கள் மீது மூலக்குறிகள் ஏதும் இல்லாமல் செய்தபின், உயர்ந்த வரிசையில் உள்ள மாற்ற வேகம் எந்த அடுக்கில் இருக்கிறதோ அதுதான் படி. நம் விதியில் இறங்கும் வேகம் வெறும் வேகமாகத்தான் இருக்கிறது. வர்க்கமூலம் இருப்பது மட்டத்தின் மீது, வேகத்தின் மீது அல்ல. ஆகவே முதல் படி. முதல் படி என்றால் நேரியல் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இந்தத் தொட்டி அதற்கு நேரடியான மறுப்பு. படி பார்ப்பது வேகத்தின் அடுக்கை மட்டும், நேரியல் பார்ப்பது மட்டத்தையும் சேர்த்து.

வர்க்கமூலம் பிடிக்காத ஒருவர் இரு பக்கமும் வர்க்கப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது விதி: வேகத்தின் வர்க்கம் மட்டத்தில் 36-இல் ஒரு பங்கு. அதே தொட்டிதான், ஆனால் சமன்பாடு இரண்டாம் படி ஆகிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் மட்டம் 36 செ.மீ. என்றால் வேகம் என்ன? வர்க்கம் 1. வேகம் நிமிடத்துக்கு 1 செ.மீ. இறக்கமாகவும் இருக்கலாம், 1 செ.மீ. ஏற்றமாகவும் இருக்கலாம். இரண்டையும் இந்தச் சமன்பாடு ஒப்புக்கொள்ளும்.

ஒரு கணத்தில் வேகத்துக்கு எத்தனை விடைகள் இருக்க முடியும் என்பதைத்தான் படி சொல்கிறது. இரண்டாம் படிச் சமன்பாட்டுக்கு முறை என்னவென்றால், முதலில் சாதாரண இயற்கணிதத்தால் வேகத்தைப் பிரித்தெடுத்து இரண்டு முதல் படிச் சமன்பாடுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே தீர்ப்பது. பிறகு ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே ஏறாது என்ற அறிவைக் கொண்டு ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். அந்த அறிவு சமன்பாட்டில் இல்லை. வர்க்கப்படுத்தியபோது அதை நாமே அழித்துவிட்டோம்.

## வகையை மாற்றினால் என்ன விலை?

வர்க்கப்படுத்திய விதியில், இரு பக்கமும் எந்த வேகத்தில் மாறுகின்றன என்று இன்னொரு முறை கேட்டால் ஆச்சரியமான ஒன்று நடக்கிறது. மட்டம் மறைந்துபோகிறது. மிஞ்சுவது இவ்வளவுதான்: இறங்கும் வேகம் ஒவ்வொரு நிமிடமும் ஒரே அளவு, நிமிடத்துக்கு 1/72 செ.மீ. வீதம் குறைகிறது. மேலே எறிந்த கல்லின் விதியேதான். இரண்டாம் வரிசை, முதல் படி, நேரியல். பள்ளிக்கூடத்திலேயே தீர்த்துப் பழகிய சமன்பாடு.

நேரியல் அல்லாத ஒன்று நேரியலாக மாறிவிட்டதே என்று மகிழ்வதற்குமுன் விலையைப் பார்க்க வேண்டும். வரிசை ஒன்று ஏறிவிட்டதால் தொடக்கத்தில் இரண்டு அளவுகள் கேட்கும்: மட்டமும் வேகமும். சரியான வேகத்தைப் பழைய விதியிலிருந்துதான் எடுக்க வேண்டும், 100 செ.மீ.க்கு நிமிடத்துக்கு 1.67. அதைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால், மட்டம் அடியைத் தொடாமலே பாதியில் நின்று மறுபடி ஏறத் தொடங்குவதாக விடை வரும். சரியாகக் கொடுத்தாலும் தொல்லை தீராது. 120-ஆவது நிமிடத்தில் அடியைத் தொட்ட மட்டம், 132-ஆவது நிமிடத்தில் 1 செ.மீ. ஏறியிருப்பதாகச் சொல்லும். கல்லுக்குப் பொருந்தும், தொட்டிக்குப் பொருந்தாது. காலியானதும் கணக்கை நிறுத்த வேண்டியது நம் பொறுப்பு.

## மோட்டார் போட்டால்

ஓட்டையைத் திறந்து வைத்தபடியே மேலிருந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் விழட்டும். நம் தொட்டியில் 10 லிட்டர் என்றால் சரியாக 1 செ.மீ. மட்டம். வரவும் செலவும் சமமாகும் மட்டத்தில் தொட்டி நிலைகொள்ளும். வர்க்கமூலத்தை 6-ஆல் வகுத்தால் 1 வர வேண்டும், ஆகவே வர்க்கமூலம் 6, மட்டம் 36 செ.மீ.

வரவை 20 லிட்டராக்கினால்? 72 என்று சொல்லத் தோன்றும். மணல் தொட்டியாக இருந்தால் அப்படித்தான், வரவு இரட்டித்தால் நிலைமட்டமும் இரட்டிக்கும். இங்கே வர்க்கமூலம் 12 ஆக வேண்டும், மட்டம் 144 செ.மீ. தொட்டியின் உயரமே 100-தான். தண்ணீர் வழிந்து மாடியெல்லாம் ஓடும். நேரியல் அல்ல என்ற குறிப்பைக் கவனிக்காமல் வடிகால் அமைத்தவர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

வரவு மாறாமல் இருக்கும்வரை பிரித்தல் முறை இன்னும் செல்லும். ஆனால் விடை சற்றுக் கோணலாக வரும்: இந்த மட்டத்தை அடைய எவ்வளவு நேரம் என்று சொல்லும், இந்த நேரத்தில் மட்டம் என்ன என்று எளிய வாய்பாட்டில் சொல்லாது. மோட்டார் அவ்வப்போது நின்று, மின்னழுத்தத்துக்கேற்ப வரவு கூடிக் குறைந்தால் நேரம் விதிக்குள்ளே புகுந்துவிடும், பிரிக்கவும் முடியாது. மணல் தொட்டிக்கோ இதெல்லாம் பொருட்டே இல்லை. வரவு எப்படி மாறினாலும் அது நேரியல்தான், தொகையீட்டுக் காரணி ஒரே முறையில் விடையைத் தந்துவிடும்.

ஓட்டைத் தொட்டிக்கு இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. நிலைமட்டத்தை ஒட்டியே மட்டம் ஏறி இறங்கினால், அந்தச் சிறு விலகலை மட்டும் எடுத்து நேரியலாகப் பாவிக்கலாம். 36-ஐ ஒட்டி விதியின் வளைவு கிட்டத்தட்ட நேர்கோடு. 1 செ.மீ. விலகினால், அந்த விலகல் சுமார் 50 நிமிடத்தில் பாதியாகும் என்று இது சொல்வதை நம்பலாம். 20 செ.மீ. விலகினால் நம்பக் கூடாது. மட்டம் 16-க்கு இறங்கியிருந்தால் உண்மையில் நிமிடத்துக்கு 0.33 செ.மீ. ஏறும், 56-க்கு ஏறியிருந்தால் 0.25 தான் இறங்கும். நேரியல் கணக்கு இரண்டுக்கும் 0.28 என்றே சொல்லும்.

இன்னொரு வழி, கணினியில் அடியடியாக நடப்பது. இப்போதைய மட்டத்தில் வேகம் என்ன என்று பார்த்து, அதே வேகத்தில் கொஞ்ச நேரம் போவதாக வைத்து, புது மட்டத்தில் மறுபடி வேகத்தைக் கணக்கிட வேண்டும். எந்த வகைச் சமன்பாட்டுக்கும் இது செல்லும். ஆனால் அங்கேயும் வகை தன் முகத்தைக் காட்டாமல் விடாது. வரவே இல்லாத நம் பழைய தொட்டியை 12 நிமிட அடிகளில் நடத்திப் பாருங்கள். 100, 80, 62.1, 46.3, 32.7 என்று உண்மையைவிட ஒன்று முதல் மூன்று செ.மீ. வரை முந்தி இறங்கிவரும். எட்டாம் அடியில் மட்டம் 0.6. ஒன்பதாம் அடியில் சுழியைத் தாண்டி −0.9. பத்தாம் அடியில் எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டு நிரல் பிழை காட்டும், அல்லது அர்த்தமற்ற எண்களை நிரப்பிக்கொண்டே போகும். அடியை ஒரு நிமிடமாகச் சுருக்கினால் இடைப்பட்ட எண்கள் திருந்தும், ஆனால் கடைசியில் சுழியைத் தாண்டும் ஆபத்து அப்படியே இருக்கும். மட்டம் சுழிக்குக் கீழே போனால் சுழி என்றே எடுத்துக்கொள் என்று நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மணல் தொட்டிக்கு, அடிகள் சிறியதாக இருக்கும்வரை, அந்த வரி தேவைப்படாது.